18 லட்சம் பேக்கேஜில் மாதம் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: நான் தங்கச்சிமடம். விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன். மகள் மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கேம்பஸில் ஒரு பெங்களூரு கம்பெனி 18 லட்சம் பேக்கேஜ் கொடுத்திருக்கிறது. கல்லூரி வாசலில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸே வைத்துவிட்டார்கள். இன்னொரு சென்னைக் கம்பெனி 9.5 லட்சம் தருகிறது. இரண்டில் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் மாசம் ஒன்றரை லட்சம் வரும் என்கிறார்கள். மகள் அவ்வளவு வராது என்கிறாள், எவ்வளவு வரும் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஜாயினிங் போனஸ் 2 லட்சத்தில் மீன்பிடித் தடைக்காலத்தில் அடகு வைத்த நகையைத் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தம்பியோடு சேர்ந்து சின்ன வத்தைப் படகுக்கு இன்ஜின் வாங்கப் போடலாம் என்றிருக்கிறேன். சரியா? இரண்டு லெட்டரையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் மகள் சொன்னதுதான் சரி, ஐயா. பெங்களூரு வேலையில் மாதம் கைக்கு வரப்போவது 75,000 ரூபாய். சென்னை வேலையில் 68,000. ஃப்ளெக்ஸில் ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பாகத் தெரிகிற இரண்டு வேலைக்கும் மாதக் கணக்கில் வித்தியாசம் 7,000 ரூபாய்தான்.

இது எப்படி என்று உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். படகு கரைக்கு வந்ததும் 'இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மீன்பாடு' என்று பேசிக்கொள்வார்கள். டீசல் போய், ஐஸ் போய், படகுக்காரர் பங்கு போய், உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு. பேக்கேஜ் என்பது அந்த மீன்பாட்டுத் தொகை. கம்பெனி இந்த ஆளுக்காக எந்தெந்த வகையில் பணம் செலவழிக்குமோ, செலவழிக்கக்கூடுமோ, அத்தனையையும் கூட்டி வைத்த எண். அதை 12-ஆல் வகுத்தால் சம்பளம் வராது.

பெங்களூரு லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பலர் முதல் பக்கத்துத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், விஷயம் இருப்பது இந்தப் பட்டியலில். பேசிக் மாதம் 40,000, வீட்டு வாடகைப் படி 20,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 20,000. ஆக மாதம் 80,000, வருஷத்துக்கு 9,60,000. மாதாமாதம் உறுதியாக வருகிற சம்பளம் இவ்வளவுதான். இதன் கீழே கம்பெனி கட்டும் பி.எஃப். 57,600, கிராஜுவிட்டி 23,088, மருத்துவ இன்சூரன்ஸ் 9,312 என்று மூன்று வரிகள். இவற்றையும் சேர்த்தால் 10,50,000. இதைத்தான் அவர்கள் 'ஃபிக்ஸட்' என்கிறார்கள். மிச்சம் ஏழரை லட்சம் எங்கிருந்து வந்தது? வேரியபிள் 1,50,000, ஜாயினிங் போனஸ் 2,00,000, கம்பெனிப் பங்கு 4,00,000. மூன்றையும் அந்தப் பத்தரை லட்சத்தோடு கூட்டினால் சரியாக 18.

ஃபிக்ஸட் என்று போட்டிருப்பதிலும் முழுசும் கைக்கு வராது. 80,000-இல் மகளின் பங்காக பி.எஃப். 4,800 பிடிப்பார்கள், அது பேசிக்கில் 12 சதவீதம். கர்நாடகத்தில் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. மிச்சம் 75,000. வருமான வரி பற்றிப் பயப்பட வேண்டாம். இப்போதுள்ள புதிய முறையில் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12,75,000 வரை வரி வராது. ஜூலையில் சேர்ந்தால் மார்ச் வரை 9 மாதச் சம்பளமும் ஜாயினிங் போனஸும் சேர்த்து 9,20,000 தான் ஆகிறது. அடுத்த முழு வருஷத்திலும் இவர் அந்த எல்லைக்குள்ளேயே நிற்பார்.

கம்பெனி கட்டும் பி.எஃப். மகளுடைய பணம்தான், ஆனால் மாதச் செலவுக்கு உதவாது. வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகத் தருகிற கிராஜுவிட்டி அப்படியில்லை. நிரந்தர வேலையில் 5 வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் கிடைக்கும். மூன்று வருஷத்தில் வேறு கம்பெனி மாறினால் அந்த 23,088 காகிதத்தோடு போயிற்று. எனக்குத் தெரிந்து ஐ.டி. வேலையில் முதல் கம்பெனியிலேயே 5 வருஷம் இருக்கிறவர்கள் குறைவு. அதனால் முதல் வேலை கணக்கில் கிராஜுவிட்டியை நான் சேர்ப்பதே இல்லை.

இனி வேரியபிள். இதுவும் உங்களுக்குப் பழகிய விஷயம், மீன்பாட்டுக்கு ஏற்ற பங்கு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. படகில் மீன் எவ்வளவு விற்றது என்று நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். இங்கே கம்பெனி தனக்கு ஒரு மார்க் போட்டுக்கொள்ளும், மேனேஜர் உங்கள் மகளுக்கு ஒரு மார்க் போடுவார், இரண்டையும் பெருக்கி வருவதுதான் தொகை. லெட்டரில் உள்ள 1,50,000 என்பது எல்லாம் நூற்றுக்கு நூறு நடந்தால் வருகிற தொகை, அதனால்தான் அதற்கு முன்னால் 'டார்கெட்' என்ற சொல் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஜூலையில் சேர்ந்தால் அந்த நிதியாண்டில் 9 மாதம்தான் வேலை, ஆகவே ஒன்றரை லட்சம் முதலிலேயே 1,12,500 ஆகிவிடும். கம்பெனி அந்த வருஷம் 80 சதவீதம் என்று அறிவித்து, மகளுக்கு மேனேஜர் 90 சதவீதம் போட்டால், 81,000 ரூபாய் வரும். மோசமான மார்க் ஒன்றும் இல்லை, இரண்டுமே நல்ல மார்க். அப்படியும் ஒன்றரை லட்சத்தில் பாதியை ஒட்டித்தான் வருகிறது. அதுவும் மார்ச் முடிந்து, மதிப்பீடு முடிந்து, மே ஜூன் வாக்கில். பணம் போடுகிற தேதியில் வேலையில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருந்தாலும் கிடைக்காது என்று ஒரு வரி இந்த லெட்டரிலும் இருக்கிறது. ஏப்ரலில் வேலையை விடுகிறவர்கள் ஒரு வருஷம் உழைத்ததற்கான வேரியபிளை இழப்பது இந்த வரியால்தான். அவசரம் இல்லை என்றால் பணம் வந்தபின் ராஜினாமா கொடுக்கச் சொல்லி நான் எல்லாரிடமும் சொல்வேன்.

பங்கு 4 லட்சம் என்பது நான்கு வருஷத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது. லெட்டரில் வருஷத்துக்கு 25 சதவீதம் என்றிருக்கிறது. முதல் பகுதி கைக்கு வர ஒரு வருஷம் முழுசாக முடிந்திருக்க வேண்டும், 11 மாதத்தில் கிளம்பினால் பூஜ்யம். அது பணமும் அல்ல, அன்றைக்குப் பங்குச் சந்தையில் என்ன விலையோ அதுதான் அதன் மதிப்பு. நல்லவேளையாக இந்தக் கம்பெனி சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, வேண்டும்போது விற்கலாம். பட்டியலிடாத சின்ன கம்பெனி என்றால் அந்த 4 லட்சத்தை நான் ஒரு ரூபாயாகக்கூட எண்ணியிருக்க மாட்டேன். இங்கே வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம், விலை இறங்கினால் குறையும். நான்கு வருஷத்துப் பங்கையும் ஒரே வருஷத்து பேக்கேஜில் கூட்டியிருப்பதுதான் இந்த 18-இன் பெரிய வித்தை.

ஏன் இப்படிக் கூட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் கம்பெனிகளை 'ட்ரீம்', 'சூப்பர் ட்ரீம்' என்று பேக்கேஜைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். பெரிய எண் காட்டுகிற கம்பெனிக்கு முதல் நாள் இடம், நல்ல மாணவர்கள் முதலில் அங்கே போவார்கள். மாதச் சம்பளத்தை ஏற்றினால் வருஷா வருஷம் செலவு. ஒரு தடவை கொடுக்கும் போனஸையும் நான்கு வருஷப் பங்கையும் சேர்த்தால் எண் ஏறும், செலவு அவ்வளவாக ஏறாது. கல்லூரிக்கும் ஃப்ளெக்ஸுக்கு ஒரு எண் கிடைக்கிறது. பொய் யாரும் சொல்லவில்லை, கூட்டலும் சரிதான். இதைப் பிரித்துக் காட்டவே முடியாது என்றும் இல்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற இடங்கள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில் ஆண்டுதோறும் வரும் சம்பளம், ஒருமுறை வரும் பணம், வேலையைப் பொறுத்து வரக்கூடியது என்று தனித்தனியாகவே போடுகிறார்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் கல்லூரியின் உச்ச பேக்கேஜைப் பார்ப்பதில்லை, வரிசையில் நடுவில் நிற்கிற மாணவரின் சம்பளத்தைத்தான் பார்க்கிறது.

இப்போது நீங்கள் மனக்கணக்குப் போட்டு வைத்திருக்கிற ஜாயினிங் போனஸுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

படகுக்காரரிடம் முன்பணம் வாங்கிய ஆள் வேறு படகுக்குப் போக வேண்டுமென்றால் என்ன நடக்கும்? வாங்கியதை வைத்துவிட்டுத்தான் போக முடியும். ஜாயினிங் போனஸ் என்பது ஏறக்குறைய அந்த முன்பணம்தான். பெயரில் மட்டும்தான் போனஸ். உங்கள் மகளின் லெட்டரில், சேர்ந்த 24 மாதத்துக்குள் வேலையை விட்டால் இந்த 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முழுசாகத் தர வேண்டுமா, மிச்சமுள்ள மாதங்களுக்கு மட்டும் தர வேண்டுமா என்று எழுதவில்லை. 14-ஆவது மாதம் விடுகிறார் என்று வையுங்கள். மிச்ச மாதக் கணக்கு என்றால் 24-இல் 10 மாதத்துக்கு 83,333 ரூபாய் தந்தால் போதும். முழுசு என்றால் 2,00,000. ஒரு வரி எழுதாமல் விட்டதில் ஒரு லட்சத்து சொச்சம் தொங்குகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஒரு பையனுக்கு 3 லட்சம் ஜாயினிங் போனஸ், 24 மாத நிபந்தனை. அவன் வேறு இடத்தில் வேலை கிடைத்து 23-ஆவது மாதம் கிளம்பினான். ஒரு மாதப் பணம் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தான். லெட்டரில் 'முழுத் தொகை' என்றிருந்தது. கடைசி மாதச் சம்பளம், சேர்ந்திருந்த லீவுக்கான பணம் எல்லாவற்றையும் பிடித்தும் போதாமல் அவனே மேற்கொண்டு கட்டினான். இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், அவனுக்கு அந்தப் பணம் வந்தபோது வருமான வரி பிடித்துத்தான் கொடுத்திருந்தோம், திருப்பிக் கேட்டது வரிக்கு முந்தைய முழு 3 லட்சம். அந்தச் சீட்டைத் தயாரித்தவன் நான்தான். இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்று அவனிடம் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். உங்கள் மகளுக்கு முதல் வருஷம் வரி வராததால் அந்த இரண்டாவது சிக்கல் இல்லை. முதல் சிக்கல் அப்படியே இருக்கிறது.

விடுவது என்றால் ராஜினாமா மட்டும்தானா என்பதும் முக்கியம். கம்பெனியே ஆள் குறைத்தால்? சில லெட்டர்களில் 'பணியாளர் தாமாக விலகினால்' என்றிருக்கும், அது பரவாயில்லை. இதில் 'எந்தக் காரணத்தால் பணி முடிவுற்றாலும்' என்றிருக்கிறது. அப்படியே படித்தால், அவர்களே வீட்டுக்கு அனுப்பினாலும் பணத்தைக் கேட்கலாம். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் என்றாலும், எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஆகவே நகையைத் திருப்புங்கள், இன்ஜினில் போடாதீர்கள். நகை வட்டியை நிறுத்துவது லாபம், நாளைக்கு மகள் பணத்தைத் திருப்ப வேண்டி வந்தால் அதே நகையை ஒரே நாளில் மறுபடி வைத்துப் பணம் புரட்டலாம். இன்ஜினை அப்படிப் புரட்ட முடியாது, கடலில் ஓடிய இன்ஜினுக்குப் பாதி விலைகூடக் கேட்க மாட்டார்கள். நகை போக மிஞ்சுவதை மகள் பெயரிலேயே பேங்கில் வையுங்கள். பெங்களூரில் வீடோ ஹாஸ்டலோ எடுக்கிறபோது முன்பணம் கேட்பார்கள், அதற்கும் அது வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த 2 லட்சம் சேர்ந்த அன்றே வராது. முதல் மாதச் சம்பளத்தோடு வரலாம், சில இடங்களில் பாதி இப்போது, பாதி ஒரு வருஷம் கழித்து. மாதப் பிற்பகுதியில் சேர்ந்தால் முதல் சம்பளமே அடுத்த மாதக் கடைசிக்குத் தள்ளிப் போவதும் உண்டு. பெங்களூருக்குப் பஸ் ஏறும்போது கையில் 50,000-ஆவது தனியாக இருக்கட்டும், அது ஜாயினிங் போனஸை நம்பி வாங்கிய கடனாக இருக்க வேண்டாம்.

சரி, சென்னை லெட்டர். அது பார்க்கச் சாதுவாக இருக்கிறது. மாதச் சம்பளம் 70,000, வருஷத்துக்கு 8,40,000. கம்பெனி பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்த்து 50,000, வேரியபிள் 60,000. ஆக 9.5 லட்சம். ஜாயினிங் போனஸ் இல்லை, பங்கு இல்லை, ஆகவே திருப்பித் தர வேண்டிய எதுவும் இல்லை. பி.எஃப். மாதம் 1,800 மட்டும் பிடிக்கிறார்கள். சட்டப்படி 15,000 சம்பளம் வரைக்குக் கட்டினால் போதும் என்பதால் பல கம்பெனிகள் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. கழித்தால் ஏறக்குறைய 68,000.

ஒன்று சொல்ல வேண்டும், பி.எஃப்.பில் பெங்களூருதான் மேல். அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து மாதம் 9,600 சேர்கிறது, இங்கே 3,600. அந்த 6,000 ரூபாயையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் மாதம் 13,000. வேரியபிள் இரண்டிலும் 72 சதவீதம் கிடைக்கிறது என்று கொண்டால் ஒரு முழு வருஷத்தில் பெங்களூருக்கு 1,08,000, சென்னைக்கு 43,200. அதோடு பங்கு வருஷத்துக்கு ஒரு லட்சம். ஆகவே பெங்களூரு வேலை மோசமில்லை, சென்னையைவிடக் கூடத்தான் தருகிறது. இரண்டு மடங்கு தரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். முதல் 12 மாதத்தில் பெங்களூரில் சம்பளம் 9 லட்சமும் ஜாயினிங் போனஸ் 2 லட்சமும் சேர்ந்து 11 லட்சம் வீட்டுக்கு வரும், வேரியபிள் தனி. இரண்டாம் வருஷம் அந்த 2 லட்சம் கிடையாது. சம்பள உயர்வு வருமே என்பீர்கள். உயர்வு 18 லட்சத்துக்குப் போட மாட்டார்கள், ஃபிக்ஸட் சம்பளத்துக்குத்தான். 9,60,000-க்கு 8 சதவீதம் என்றால் 76,800. அந்த 2 லட்சத்தை அது ஈடுகட்டாது. முதல் வருஷ வரவைப் பார்த்து வீட்டுக் கடனோ சீட்டோ கட்டத் தொடங்கியவர்கள் 13-ஆவது மாதம் திணறுவது இதனால்தான். அடுத்த கம்பெனிக்குப் போகும்போதும் இப்போது ஃபிக்ஸட் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

எதை எடுப்பது? மாதம் 75,000-க்கும் 68,000-க்கும் நடுவில் பெங்களூரு வாடகை நிற்கிறது. அங்கே தங்கச் சென்னையைவிட 7,000 கூடுதலாக ஆகிவிட்டால் கைச்செலவுக்கு இரண்டும் ஒன்றுதான், பி.எஃப்.பும் பங்கும் மட்டும்தான் பெங்களூரின் மேல்மிச்சம். அதற்காக இரண்டு வருஷம் கட்டுப்பட்டு இருக்கலாம் என்று மகளுக்குத் தோன்றினால், அங்கே செய்யப்போகிற வேலையும் அவருக்குப் பிடித்திருந்தால், பெங்களூரைத் தேர்ந்தெடுக்கட்டும். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன், கீழே சொல்கிற மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் வந்தால். ஃப்ளெக்ஸைப் பார்த்து எடுக்க மாட்டேன். சென்னை வேலைதான் அவருக்குப் பிடித்தது என்றால், பாதிச் சம்பளத்துக்குப் போகிறாள் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மகள் பெங்களூரு எச்.ஆருக்கு ஒரு மெயில் போடட்டும். போனில் கேட்க வேண்டாம், போன் பதிலுக்குச் சாட்சி கிடையாது. கல்லூரி பிளேஸ்மெண்ட் அலுவலரையும் அதில் சேர்க்கலாம். ஜாயினிங் போனஸ் எந்த மாதச் சம்பளத்தோடு, ஒரே தவணையாக வருமா என்பது முதலில். போன இரண்டு வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேரியபிள் டார்கெட்டில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்பது இரண்டாவது, இதற்குச் சிலர் பதில் தர மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை. மூன்றாவது, 24 மாதத்துக்குள் விலகினால் போனஸை மிச்ச மாதக் கணக்கில் திருப்ப வேண்டுமா, முழுசாகவா, கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால் என்ன என்பது. வேலை கிடைத்த பெண் இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம், தினமும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற ஆட்கள் அவர்கள். நானே எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் அந்த மெயிலையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், மூன்றாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.